முழு மதிப்பெண் வாங்கிய பயிற்சித்தாளும் ஐந்து செத்த மீன்களும்

விடுமுறை நாள். காலை ஆறரை மணிக்குக் கைப்பேசி அலறியது. எடுத்தால் என் அக்கா மகன். நான்காம் படிவம் படிக்கிறான்.

"மாமா, மீன் எல்லாம் தண்ணிக்கு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. அஞ்சு மீன் செத்துப் போச்சு. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. என்னன்னே தெரியல."

அவன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்ப் பார்த்தேன். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் கபோம்பா என்ற நீர்ச்செடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. ஒரு மூலையில் சிறிய கரிவளிக் கலன். அதிலிருந்து வந்த குழாய் வழியாகக் குமிழிகள் நிதானமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. செடி நன்றாக வளர வேண்டும் என்பதற்காக, சேமித்த காசில் முந்திய வாரம்தான் அதை வாங்கியிருந்தான்.

"விளக்கு எத்தனை மணிக்கு அணைஞ்சுது?"

"ராத்திரி பத்து மணிக்கு."

"அப்ப கேஸ்?"

"அத நான் மூடல மாமா. செடிக்குக் கரிவளி வேணும்தானே? ராத்திரியும் விட்டா இன்னும் சீக்கிரமா வளரும்னு நெனச்சேன்."

முதலில் கலனை மூடினோம். வடிகட்டியின் நீர் வரும் வாயை மேலே தூக்கி, நீரின் மேற்பரப்பு கலங்கும்படி வைத்தோம். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினோம். சிறிது நேரத்தில் மிச்சமிருந்த மீன்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் மேசைமேல் கிடந்த பயிற்சித்தாளைப் பார்த்தேன். தலைப்பு: 'ஒளிச்சேர்க்கையும் உயிரணுச் சுவாசமும் – ஒப்பீடு'. மேலே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து.

இப்படி ஒரு தாளை நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். இரண்டு கட்டங்கள், மூன்று வரிசைகள். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன, உயிரணுவில் எங்கே நடக்கிறது. என் அக்கா மகன் எழுதியிருந்த விடைகள் இவை. ஒளிச்சேர்க்கைக்கு உள்ளே போவது கரிவளியும் நீரும் ஒளி ஆற்றலும். வெளியே வருவது குளுக்கோசும் உயிர்வளியும். நடக்கும் இடம் பசுங்கணிகம். சுவாசத்துக்கு உள்ளே போவது குளுக்கோசும் உயிர்வளியும். வெளியே வருவது கரிவளியும் நீரும் ஆற்றலும். நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. கீழே இரண்டு சமன்பாடுகளையும் அழகாக எழுதியிருந்தான்.

6CO₂ + 6H₂O → C₆H₁₂O₆ + 6O₂

C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O

ஒன்றை வலமிருந்து இடமாகப் படித்தால் மற்றது. எல்லாம் சரி. ஆனால் அந்தத் தாள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. எப்போது நடக்கிறது? அந்த ஒரு வரிசை இல்லாததால்தான் ஐந்து மீன்கள் போயின.

"ஒளிச்சேர்க்கை எப்போ நடக்கும்?" என்று கேட்டேன்.

"பகல்ல."

"சுவாசம்?"

"செடிக்கு ராத்திரியில. நமக்கு எப்பவும்."

இந்த விடையை நான் ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். கேட்க நியாயமாகவும் தோன்றும். பகல் ஷிப்டு ஒருவர், இரவு ஷிப்டு இன்னொருவர் என்பதுபோல. உண்மை அப்படி இல்லை. செடியின் உயிரணுக்கள் பகலிலும் சுவாசிக்கின்றன, இரவிலும் சுவாசிக்கின்றன, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நொடியும் சுவாசிக்கின்றன. ஒளிச்சேர்க்கைதான் வெளிச்சம் உள்ளபோது மட்டும் நடக்கிறது. சொல்லிவிட்டால் மட்டும் அவன் நம்பிவிடுவானா என்ன? செய்து பார்த்தோம்.

ஐந்து சோதனைக் குழாய்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் கார்பனேட் காட்டி என்ற கரைசலைப் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் காற்றோடு சமநிலையில் இருக்கும்போது அது சிவப்பாக இருக்கும். கரைசலில் கரிவளி கூடினால் மஞ்சளாகும். கரிவளி குறைந்தால் ஊதாவாகும். இந்த மூன்று நிறங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு எல்லாமே எளிது.

ஐந்து குழாய்கள் எடுத்தோம். ஐந்திலும் ஒரே அளவு கரைசல். முதல் நான்கில் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள கபோம்பாத் துண்டு. முதல் குழாயை விளக்குக்கு எதிரே அப்படியே வைத்தோம். இரண்டாவதை அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றினோம். மூன்றாவதை மெல்லிய வலைத்துணியால் சுற்றி, மங்கலான வெளிச்சம் மட்டும் உள்ளே போகும்படி செய்தோம். நான்காவதில் போட்ட செடியை முன்கூட்டியே கொதிநீரில் போட்டுக் கொன்று, ஆறவைத்து அலசியிருந்தோம். ஐந்தாவதில் செடியே இல்லை. எல்லாவற்றையும் ரப்பர் அடைப்பான் போட்டு மூடிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

இந்தச் சோதனை கெட்டுப்போவதற்கு வழிகள் நிறைய. குழாயைக் குனிந்து பார்த்துக்கொண்டே அடைப்பான் போட்டால் உங்கள் மூச்சே உள்ளே போய்க் கரைசலை மஞ்சளாக்கிவிடும். குழாயில் முந்திய வகுப்பு விட்டுச்சென்ற அமிலம் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அதே கதிதான். ஏனென்றால் இந்தக் காட்டி உண்மையில் கரிவளியை நேரடியாக அறிவதில்லை. கரிவளி நீரில் கரைந்தால் நீர் சற்று அமிலத்தன்மை பெறும். அந்த மாற்றத்துக்குத்தான் நிறம் மாறுகிறது. எந்த அமிலமானாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் குழாய்களை முதலில் அதே கரைசலால் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. செடியைப் போட்டவுடனேயே நிறம் மாறினால் அது செடியின் வேலை அல்ல, அழுக்கின் வேலை என்று தெரிந்துகொள்ளலாம். விளக்கு சூடாகும் வகையாக இருந்தால் குழாய்களுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் வையுங்கள். இல்லாவிட்டால் வெளிச்சத்தின் விளைவா வெப்பத்தின் விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது முதல் குழாய் ஊதா. இரண்டாவது மஞ்சள். மற்ற மூன்றும் ஆரம்பத்தில் இருந்த அதே சிவப்பு.

முதல் இரண்டும் அவனுக்குப் புரிந்துவிட்டன. வெளிச்சத்தில் செடி கரிவளியை எடுத்துக்கொண்டது. இருட்டில் கரிவளியை வெளியிட்டது. செடி இல்லாத ஐந்தாவதும் செத்த செடியுள்ள நான்காவதும் மாறவில்லை. அதிலும் ஆச்சரியம் இல்லை. வலைத்துணி சுற்றிய மூன்றாவதுதான் சிக்கல்.

"மூணுல ஒண்ணும் நடக்கல மாமா. வெளிச்சம் பத்தல. அதனால ரெண்டும் நின்னுடுச்சு."

நீங்கள் என்ன சொல்வீர்கள்? மூன்றாவது குழாயும் நான்காவது குழாயும் ஒரே நிறம். நிறத்தை மட்டும் பார்த்தால் உயிருள்ள செடிக்கும் செத்த செடிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வலைத்துணியைப் பிரித்துவிட்டு மூன்றாவது குழாயையும், அதோடு நான்காவதையும் அலுமினியத் தாளால் சுற்றி வைத்தோம். மதிய உணவுக்குப் பிறகு பிரித்துப் பார்த்தால் மூன்றாவது மஞ்சள், நான்காவது இன்னும் சிவப்பு. வெளிச்சத்தை முழுவதும் எடுத்தவுடன் கரிவளி வெளியே வந்திருக்கிறது. அப்படியானால் மங்கலான வெளிச்சத்திலும் அந்தச் செடி சுவாசித்துக்கொண்டுதான் இருந்தது. மைட்டோகாண்ட்ரியா வெளியிட்ட கரிவளி அத்தனையையும் பக்கத்திலிருந்த பசுங்கணிகம் அப்போதைக்கப்போதே எடுத்துக்கொண்டது. கரைசலுக்கு மிச்சம் எதுவும் வரவில்லை. அதனால் நிறம் மாறவில்லை. இந்த நிலைக்கு ஈடுசெய் புள்ளி என்று பெயர். வரவும் செலவும் சமமாக இருக்கும் கடையில் கல்லாப்பெட்டியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, இன்று வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

இதில் ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1771-இல் மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றுக்குள் ஒரு புதினாச் செடியை வைத்து, சில நாளில் அந்தக் காற்று மீண்டும் மெழுகுவத்தி எரியும் அளவுக்குச் சீரானதைக் கண்டார். ஆனால் வேறு சிலர் செய்தபோது சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. ஏன் என்பது புரியவில்லை. 1779-இல் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் கோடைக்காலம் முழுவதும் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, வெளிச்சத்தில் பச்சைப் பகுதிகள் மட்டுமே காற்றைச் சீராக்குகின்றன என்றும், இருட்டில் எல்லாச் செடிகளும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கின்றன என்றும் காட்டினார். அவர் கண்டதைத்தான் முதல் குழாயும் இரண்டாவது குழாயும் உங்களுக்குக் காட்டுகின்றன.

இங்கே ஒரு பழைய பேச்சையும் பார்த்துவிடலாம். இரவில் புளிய மரத்தடியில் படுக்காதே, செடியை அறைக்குள் வைக்காதே, உயிர்வளியை எல்லாம் அது இழுத்துவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். செடி இரவில் உயிர்வளி எடுப்பது உண்மை. அளவுதான் பொய். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் கரிவளி வெளியிடுகிறார். ஒரு பூச்சட்டிச் செடி அதில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உங்கள் அறையில் பூச்சட்டியைவிடப் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிதான் அதிகம் உயிர்வளி எடுக்கிறான்.

வரவு கழித்தல் செலவு

தேர்வில் இதை எண்களாக மாற்றிக் கேட்பார்கள். ஒரு செடி நல்ல வெளிச்சத்தில் மணிக்கு 10 மில்லிகிராம் கரிவளியைக் காற்றிலிருந்து எடுக்கிறது. இருட்டில் மணிக்கு 2 மில்லிகிராம் வெளியிடுகிறது. ஒளிச்சேர்க்கையின் உண்மையான வேகம் என்ன? அவசரப்படுபவர்கள் 10 என்று எழுதுவார்கள். 10 என்பது வெளியே நின்று அளந்தது. உள்ளே மைட்டோகாண்ட்ரியா கொடுத்த 2 மில்லிகிராமையும் பசுங்கணிகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே விடை 12.

இதை ஒரு நாளுக்கு நீட்டிப் பார்ப்போம். நம் நாட்டில் பகல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். வெளிச்சம் பகல் முழுவதும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒளிச்சேர்க்கை எடுத்தது 12 மணிக்கு 144 மில்லிகிராம். சுவாசம் நடப்பது 12 மணி நேரம் அல்ல, 24 மணி நேரம். அது கொடுத்தது 48. மிச்சம் 96 மில்லிகிராம் கரிவளி செடியில் தங்குகிறது. சமன்பாட்டின்படி 264 கிராம் கரிவளிக்கு 180 கிராம் குளுக்கோஸ் உருவாகும். அந்த விகிதத்தில் 96 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் குளுக்கோஸ். இதுதான் புதிய இலைக்கும் தண்டுக்கும் வேருக்கும் கிடைக்கும் சொத்து. சுவாசத்தை இரவுக்கு மட்டும் போட்டிருந்தால் செலவு 24 ஆகி, சொத்து பொய்யாகப் பெருத்திருக்கும்.

வெளிச்சத்திலும் இருட்டிலும் சுவாசம் ஒரே வேகத்தில் நடக்கிறது என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. இலைக்குள் நடப்பது இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. பள்ளிக் கணக்குக்கு இது போதும்.

வருமானமே இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? சந்தையில் தவுகே விற்கிறார்களே, அதைப் பாருங்கள். பாசிப்பயற்றை இருட்டில் முளைக்க வைத்து எடுப்பது அது. பச்சையம் இல்லை, வெளுத்துப்போயிருக்கும். ஒரு பிடி பயறு ஒரு கூடைத் தவுகே ஆகும்போது எடை பெருகியதுபோல் தெரியும். அத்தனையும் தண்ணீர். இரண்டையும் நன்றாக உலர்த்தி நிறுத்தால் தவுகேயின் எடை பயற்றின் எடையைவிடக் குறைவாக இருக்கும். குறைந்த பங்கு கரிவளியாகக் காற்றில் போய்விட்டது. முளைக்கும் பயற்றை வெந்நீர்க் குடுவையில் போட்டு உள்ளே வெப்பமானி செருகி வைத்தால் வெப்பநிலை ஏறுவதையும் பார்க்கலாம். பயிற்சித்தாளில் சுவாசத்தின் கீழ் 'ஆற்றல்' என்று எழுதுகிறீர்களே, அதில் ஒரு பகுதி உயிரணு பயன்படுத்தும் ஏடிபி என்ற சேர்மத்தில் சேர்கிறது, மற்றது இப்படி வெப்பமாகப் போகிறது.

எங்கே என்ற வரிசை

இப்போது மூன்றாவது வரிசைக்கு வருவோம். பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அதை எழுதும் பலருடைய மனத்தில் இருக்கும் படம் வேறு. தாவர உயிரணுவில் பசுங்கணிகம், விலங்கு உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியா என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் பிழைக்கு நுண்ணோக்கியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஹைட்ரில்லா இலை ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். பசுங்கணிகங்கள் பச்சைப் பயறுகளைப்போல வரிசையாகத் தெரியும். மைட்டோகாண்ட்ரியா தெரியாது. அவற்றின் அகலம் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர்தான், நிறமும் இல்லை. பள்ளி நுண்ணோக்கிக்கு அவை எட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதே இலை உயிரணுவுக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படி இருப்பதால்தான் மூன்றாவது குழாயில் ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்ள முடிந்தது.

வேர் உயிரணுவிலும் வெங்காயத் தோலிலும் பசுங்கணிகம் இல்லை. மைட்டோகாண்ட்ரியா உண்டு. வெளிச்சமே படாத அந்த உயிரணுக்களுக்குச் சர்க்கரை இலையிலிருந்து வந்து சேர வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கிக் காற்று போக வழியில்லாமல் இருந்தால், நல்ல வெயிலில் நிற்கும் செடியும் வாடுவது இதனால்தான். இலை எவ்வளவு உயிர்வளியை உண்டாக்கினாலும் அதில் பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது. வேர் தனக்கு வேண்டியதை மண்ணில் உள்ள காற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா என்ற விடையிலும் ஒரு சிறு குறை இருக்கிறது. குளுக்கோஸ் அப்படியே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதில்லை. முதலில் சைட்டோபிளாசத்தில் அது இரண்டு துண்டாகிறது. ஆறு கரியணுக்கள் கொண்ட ஒரு குளுக்கோஸ், மூன்று மூன்று கரியணுக்கள் கொண்ட இரண்டு பைருவேட் ஆகிறது. இதுவரை உயிர்வளி தேவையில்லை. கிடைக்கும் ஏடிபியும் சொற்பம். அந்தப் பைருவேட்தான் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுவதும் சிதைகிறது. பெரும்பங்கு ஏடிபி அங்கேதான் கிடைக்கிறது. உயிர்வளி கிடைக்காதபோது ஈஸ்ட் முதல் கட்டத்தோடு நின்றுகொண்டு, பைருவேட்டைச் சாராயமாகவும் கரிவளியாகவும் மாற்றிவிடுகிறது. அரிசியில் செய்யும் தாப்பாயில் மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். ஆகவே 'காற்றுள்ள சுவாசம் எங்கே நடக்கிறது' என்ற கேள்விக்கு நான் எழுதுவதானால், சைட்டோபிளாசத்தில் தொடங்கி மைட்டோகாண்ட்ரியாவில் முடிகிறது என்று எழுதுவேன்.

உயிர்வளி எதிலிருந்து வந்தது?

தாளை மடித்து வைக்கப் போனவனிடம் இன்னொன்று கேட்டேன். ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் உயிர்வளி எதிலிருந்து பிரிந்து வந்தது?

"கரிவளியிலேருந்துதான். CO₂-ல C-ய எடுத்துக்கிட்டா மிச்சம் O₂."

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வேதியியலாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1941-இல் கலிபோர்னியாவில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்கள் குழுவினரும் உயிர்வளியின் கனமான வகையான உயிர்வளி-18ஐக் கலந்த நீரைப் பச்சைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வளியில் அந்தக் கனமான உயிர்வளி, நீரில் இருந்த அதே விகிதத்தில் இருந்தது. கரிவளியில் அதைக் கலந்து கொடுத்தபோது வெளிவந்த வளி அந்த விகிதத்தைப் பின்பற்றவில்லை. உயிர்வளி நீரிலிருந்துதான் வருகிறது.

இப்போது சமன்பாட்டை எண்ணிப் பாருங்கள். 6O₂ என்றால் 12 உயிர்வளி அணுக்கள். ஆனால் 6H₂O-இல் இருப்பது ஆறுதான். போதவில்லையே! அதனால் முழுச் சமன்பாட்டை இப்படி எழுத வேண்டும்:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O

இடப்பக்கம் 12 நீர். அவற்றின் 12 உயிர்வளி அணுக்கள் 6O₂ ஆகின்றன. வலப்பக்கம் உள்ள ஆறு நீர் புதிதாக உருவானவை. இரு பக்கமும் ஆறாறு நீரை அடித்துவிட்டால் உங்கள் பாடநூலில் உள்ள சுருக்கம் கிடைக்கும். சுருக்கத்தில் தவறில்லை, எந்த அணு எங்கே போனது என்பது மட்டும் மறைந்துவிடுகிறது.

பசுங்கணிகத்துக்குள் இதற்கு இரண்டு தனி இடங்கள் உண்டு. அடுக்கி வைத்த தட்டுகளைப்போல இருக்கும் தைலக்காய்டு சவ்வில் பச்சையம் ஒளியை வாங்குகிறது. அங்கே நீர் பிளந்து உயிர்வளி வெளியேறுகிறது. தட்டுகளைச் சூழ்ந்துள்ள ஸ்ட்ரோமா என்ற நீர்மத்தில் கரிவளி சர்க்கரையாகக் கட்டப்படுகிறது. கட்டுவதற்கான ஆற்றல் தைலக்காய்டிலிருந்து வருகிறது. கட்டி முடிந்ததை இலை உடனே குளுக்கோசாகக் குவித்து வைப்பதுமில்லை. மாவுச்சத்தாகச் சேமிக்கும், அல்லது சுக்ரோசாக்கி மற்றப் பாகங்களுக்கு அனுப்பும்.

மைட்டோகாண்ட்ரியாவில் இது தலைகீழ். நாம் மூச்சில் இழுக்கும் உயிர்வளி நாம் விடும் கரிவளியில் போய்ச் சேர்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். இல்லை. அது மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிறது. கரிவளியில் உள்ள உயிர்வளி, குளுக்கோசிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. ஒன்று நீரைப் பிளந்து உயிர்வளி தருகிறது. மற்றது உயிர்வளியை வைத்து நீரைச் செய்கிறது. சமன்பாடுகள் எதிரெதிராக இருக்கின்றன என்றாலும், சுவாசம் என்பது ஒளிச்சேர்க்கையின் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவது அல்ல. இடம் வேறு, நொதிகள் வேறு, வழியும் வேறு.

மறுபடியும் தொட்டிக்கு

சரி, அந்த மீன்களுக்கு என்னதான் ஆனது? இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்தது. அந்த நொடியிலிருந்து கபோம்பா கரிவளி எடுப்பதை நிறுத்திவிட்டது. செடி, மீன், அடியில் படிந்த அழுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாம் உயிர்வளியை எடுத்துக் கரிவளியை விட்டுக்கொண்டிருந்தன. கலன் மேலும் கரிவளியைக் கொட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள்ள ஆளே இல்லை. மீனின் இரத்தத்தில் உள்ள கரிவளி செவுள் வழியாக நீருக்குள் பரவ வேண்டுமானால், நீரில் அது குறைவாக இருக்க வேண்டும். நீரிலேயே கரிவளி நிரம்பியிருந்தால் வெளியேற வழியில்லை. இரத்தம் அமிலமாகும், அப்படி ஆன இரத்தம் உயிர்வளியைச் சரியாகச் சுமக்காது. விடியும் வேளையில் தண்ணீரில் உயிர்வளி குறைவு, கரிவளி அதிகம். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடியது அதனால்தான். கலனே இல்லாத குளங்களிலும், பாசி அடர்ந்திருந்தால், மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து திணறுவதைப் பார்க்கலாம். பகலில் உயிர்வளியைக் கொட்டிக் கொடுத்த அதே பாசி, இரவெல்லாம் அதை எடுத்திருக்கும்.

அன்று மாலை மீன் கடைக்குப் போய் மின்நேரக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வாங்கினான். இப்போது விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கலன் திறக்கிறது, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிக்கொள்கிறது. கூடவே, கண்ணாடிச் சுவரில் ஒட்டிவைக்கும் சிறிய காட்டிக் குமிழ் ஒன்றையும் வாங்கியிருக்கிறான். அதிலும் நாம் பார்த்த அதே தத்துவம்தான், சாயம் மட்டும் வேறு: கரிவளி குறைவு என்றால் நீலம், அளவாக இருந்தால் பச்சை, மீறினால் மஞ்சள். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால் அது இந்த நொடியின் நிலையைச் சொல்லாது, சற்று முந்திய நிலையைத்தான் சொல்லும்.

போன வாரம் போனபோது பயிற்சித்தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். பத்துக்குப் பத்துக்குக் கீழே, அவனே பென்சிலால் கோடு போட்டு நான்காவது வரிசை ஒன்று சேர்த்திருந்தான். 'எப்போது?' என்று எழுதி, ஒரு கட்டத்தில் 'வெளிச்சம் இருக்கும்போது', மறு கட்டத்தில் 'எப்போதும்'.